ஏமாந்தவரெல்லாம் பேராசைக்காரர்களா?

இணையத்தில் யாரோ பணத்தைப் பறிகொடுத்தார் என்ற செய்தி காதில் விழுந்ததும் நாம் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: பேராசைப்பட்டிருப்பார், இல்லாவிட்டால் விவரம் தெரியாதவராக இருப்பார். திருத்தணி மலையடிவாரக் கடைத்தெருவானாலும் சென்னை அடுக்குமாடியானாலும் பேச்சு இதுதான். ‘எனக்கு இது நடக்காது’ என்ற தெம்பை அது சொல்பவருக்குத் தருகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு உண்மையல்ல. அதைவிட மோசம், அது மோசடிக்காரனுக்குச் சாதகமானது.

லூதியானாவின் வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் 2024 ஆகஸ்ட் இறுதியில் இழந்தது 7 கோடி ரூபாய். 82 வயது, பத்மபூஷண் விருது, பல்லாயிரம் பேருக்கு வேலை தரும் நிர்வாகம். இவரை விவரமில்லாதவர் என்று யார் சொல்ல முடியும்? யாரும் அவருக்கு லாபம் காட்டவில்லை, பயத்தைக் காட்டினார்கள். அவர் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருப்பதாகவும், அது பணமோசடி வழக்கில் சிக்கியிருப்பதாகவும் சிபிஐ அதிகாரி வேடத்தில் ஒருவர் மிரட்டினார். வீடியோ அழைப்பை அணைக்க விடாமல் இரவும் பகலும் கண்காணித்தார்கள். உச்ச நீதிமன்றம் போன்ற ஒரு காட்சியை ஜோடித்து, தலைமை நீதிபதி பெயரில் ஒருவரைப் பேசவைத்து, போலி உத்தரவையும் அனுப்பினார்கள். ‘டிஜிட்டல் கைது’ என்ற இந்த நாடகம் சட்டத்துக்குப் பயப்படும் ஒழுங்கான மனிதரைத்தான் குறிவைக்கிறது. அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது.

சிறு பூக்கடைக்காரருக்கு வேறு வலை. மொத்தமாக மாலை வேண்டும் என்று ஓர் அழைப்பு வருகிறது. ஆந்திர எல்லையில் உள்ள திருத்தணி போன்ற கோயில் ஊரில் தெலுங்கிலோ இந்தியிலோ ஆர்டர் வருவது அதிசயமில்லை. முன்பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூஆர் படத்தை அனுப்பி, ‘ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள், பணம் ஏறிவிடும்’ என்கிறார்கள். போட்டதும் பணம் கணக்கை விட்டுப் போகிறது. யுபிஐ பின் நம்பர் பணம் கொடுக்கவும் இருப்பைப் பார்க்கவும்தான். பணம் வாங்க அது தேவையே இல்லை. வியாபாரத்துக்கு முன்பணம் வாங்குவதில் பேராசை எங்கே இருக்கிறது?

‘ஆருத்ராவில் போட்டவர்கள் ஆசைப்பட்டுத்தானே போட்டார்கள்?’ என்று கேட்பார்கள். ஆசை இருந்தது, மறுக்கவில்லை. மாதம் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி ஆருத்ரா கோல்டு நிறுவனம் ஏறக்குறைய ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடிக்கு மேல் வசூலித்தது. ஆனால் ஆரம்பத்தில் சேர்ந்தவர்களுக்குப் பணம் வந்தது. அதைக் கண்ணால் பார்த்த சொந்தக்காரர்கள் பின்னால் சேர்ந்தார்கள். இந்த விஷயத்தில் ஆசையைத் திட்டுவதைவிடக் கணக்குப் பார்ப்பது பயன் தரும். டெபாசிட் வாங்க ரிசர்வ் வங்கி அனுமதித்த நிதி நிறுவனமே ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக்கூடாது. அதை ஒரே மாதத்தில் தாண்டுகிறவர் எந்தத் தொழிலில் சம்பாதித்துத் தருவார்?

‘வங்கி தடுக்காதா?’ என்பது அடுத்த கேள்வி. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாமல் வெளியாள் யாரோ நுழைந்து எடுத்த பணத்துக்கு, மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளர் பொறுப்பல்ல என்று ரிசர்வ் வங்கி 2017-இல் சுற்றறிக்கை விட்டது. நாமே பின் நம்பர் போட்டு அனுப்பியதற்கு அந்தப் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாது. ஆகவே பணத்தை அனுப்புவதற்கு முன்பே காவல் இருக்க வேண்டும். யுபிஐக்குத் தனிக் கணக்கு வைத்து, அதில் மாதச் செலவுக்கான தொகையை மட்டும் போடுங்கள். ஓய்வூதியமும் சேமிப்பும் யுபிஐயில் இணைக்காத கணக்கில் இருக்கட்டும். மிரட்டலோ அவசரமோ காட்டும் அழைப்பைத் துண்டித்து, பாஸ்புத்தகத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசுங்கள். பின் நம்பரைத் தொடும் முன் திரையில் வரும் பெயரைப் படியுங்கள். பெரிய தொகையானால் வீட்டில் இன்னொருவரிடம் சொல்லி, ஓர் இரவு கழித்து அனுப்புங்கள். இதெல்லாம் தொல்லை என்பவர்களுக்கு ஒரே பதில்: யாரிடமும் சொல்லாதே, உடனே அனுப்பு என்ற இரண்டில் ஒன்றாவது இல்லாமல் இந்த மோசடிகள் பெரும்பாலும் நடப்பதில்லை.

அப்படியும் பணம் போனால், அது சில நிமிடங்களில் வாடகைக் கணக்குகள் பலவற்றுக்குத் தாவத் தொடங்கும். 1930 என்ற எண்ணில் உடனே சொன்னால், இன்னும் எடுக்கப்படாத தொகையை வங்கிகளால் முடக்க முடியும்; cybercrime.gov.in தளத்திலும் புகார் தரலாம். ஓஸ்வால் வெட்கப்படாமல் போலீசுக்குப் போனார், 5.25 கோடி மீண்டது. ‘பேராசைக்காரன்’ என்ற பழிச்சொல்லுக்கு அஞ்சி வாய்மூடும் ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு நாம் கொடுக்கும் அவகாசம். ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்துங்கள். 1930-ஐ அழைத்தாரா என்று முதலில் கேளுங்கள்.