மிளகுக்கு வேலி யார் கையில?

கொல்லிமலையில சில்வர் ஓக் மரத்துல ஏத்திவிட்ட மிளகுக் கொடிதான் எங்களுக்குப் படியளக்குது. 2016-ல கிலோ 650 ரூபாய்க்கு மேல போன மிளகு, 2018-ல 400-க்குக் கீழ இறங்கிடுச்சு.

உலகம் முழுக்கவே அப்போ விலை விழுந்துச்சு, மறுக்கல. ஆனா அந்த மாதிரி நேரத்துல விவசாயிக்கு வேலியா நிக்கிறது இறக்குமதி வரிதானே? மிளகுக்கு அது 70 சதவீதம். இலங்கையோட 2000-ல நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி, அங்கிருந்து வருஷத்துக்கு 2,500 டன் மிளகு வரியே இல்லாம வரலாம். வியட்நாம் மிளகு அப்போ அதைவிட மலிவு. அதைக் கொழும்புல இறக்கி, இலங்கையில விளைஞ்சதுன்னு சான்றிதழோட இங்க அனுப்புறாங்கன்னு மிளகு விவசாயிங்க புகார் சொன்னாங்க. மணியைப் பார்த்து எந்த ஊர் மிளகுன்னு சொல்ல முடியுமாங்க?

கையெழுத்துப் போட்டாச்சு, அந்த வரியை நினைச்சபடி ஏத்த முடியாது. அதனால கிலோ 500 ரூபாய்க்குக் குறைஞ்ச மிளகை இறக்குமதி செய்யக்கூடாதுன்னு 2017 டிசம்பர்ல அரசு உத்தரவு போட்டுச்சு. பில்லுல 500-ன்னு எழுதிட்டா அதுவும் போச்சு.

ஒப்பந்தமே வேணாம்னு நான் சொல்லல. நம்ம தொழிற்சாலைச் சரக்குக்கு அங்க கதவு திறக்கணும்னா, இங்க ஒரு வேலியைப் பிரிக்கத்தான் வேணும். அது யார் காட்டு வேலின்னு கையெழுத்துக்கு முன்னாடியே எங்ககிட்ட சொல்லுங்க.