ஃபோர்டு மாறியதும் ஜிஎம் ஏன் மாறியது? சார்ஜிங் பிளக் போட்டியின் கணக்கு

2023 மே 25. அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம், இனி டெஸ்லாவின் என்ஏசிஎஸ் சார்ஜிங் முறைக்கு மாறுவதாக அறிவித்தது. சரியாக இரண்டு வாரத்தில், ஜூன் 8 அன்று, ஜெனரல் மோட்டார்ஸும் அதையே சொன்னது. அதுவரை இரண்டும் பயன்படுத்தியது சிசிஎஸ் பிளக். நல்ல பிளக் என்றால் முன்பே மாறியிருக்கலாமே?

விடை, விளையாட்டுக் கோட்பாட்டில் இருக்கிறது. புரிவதற்காகச் சில மதிப்பெண்களை நாமே வைத்துக்கொள்வோம்.

• இருவரும் என்ஏசிஎஸ்: ஆளுக்கு 9
• இருவரும் சிசிஎஸ்: ஆளுக்கு 7
• ஆளுக்கொன்று: சிசிஎஸ்-இல் இருப்பவருக்கு 6, தனியாக மாறியவருக்கு 1

இதில் முதல் இரண்டுமே 'நாஷ் சமநிலை'. அதாவது, மற்றவர் அசையாதவரை தனியாக மாறினால் நஷ்டம்தான். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: இருவரும் 3-ல் 2 பங்கு வாய்ப்பில் என்ஏசிஎஸ்-ஐத் தேர்ந்தெடுப்பது. அதில் சராசரியாகக் கிடைப்பது சுமார் 6.3 மட்டுமே. காரணம், பல நேரம் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவார்கள். எனவே அதற்குக் கடைசி இடம்.

மீதி இரண்டில் எது முதலிடம்? லாபத்தை மட்டும் பார்த்தால் 9 தரும் என்ஏசிஎஸ். ஆனால் ஹார்சானி, செல்டன் என்ற பொருளாதார அறிஞர்கள் இன்னொரு அளவுகோலையும் தந்தார்கள்: ரிஸ்க். மற்றவர் என்ன செய்வார் என்றே தெரியாது, பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ஏசிஎஸ்-க்கு சராசரி 5, சிசிஎஸ்-க்கு 6.5. மற்றவர் மாறுவார் என்று 67 சதவீதத்துக்கு மேல் நம்பிக்கை இருந்தால்தான் மாறுவது லாபம். அதனால்தான் நல்லது எது என்று தெரிந்தும் இருவரும் பழையதிலேயே உட்கார்ந்திருக்க முடியும்.

இந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு வழி. ஒன்று, அடாப்டர். அது தனியாக மாறியவரின் மதிப்பெண்ணை 1-லிருந்து 5-ஆக உயர்த்துகிறது என்று வைத்தால், தேவைப்படும் நம்பிக்கை 40 சதவீதமாகக் குறைகிறது. இப்போது ரிஸ்க் கணக்கிலும் என்ஏசிஎஸ்-தான் ஜெயிக்கும். ஃபோர்டின் திட்டத்திலும் 2024-இல் அடாப்டர், 2025 முதல் புதிய கார்களில் என்ஏசிஎஸ் பிளக் என்ற வரிசைதான் இருந்தது.

இரண்டாவது, ஒருவர் முந்திக்கொண்டு பகிரங்கமாக அறிவிப்பது. ஃபோர்டு சொன்ன பிறகு ஜிஎம் யூகிக்க வேண்டியதே இல்லை. 9-ஆ, 6-ஆ என்பது மட்டும்தான் கேள்வி.

ஒரு எச்சரிக்கை: இங்கே இருவருக்கும் ஒரே பிளக் பிடித்திருந்தது. ஆளுக்கொரு தரநிலை சொந்தமாக இருந்து, அதன் ராயல்டியும் அவரவருக்கே போனால், 'இருவருக்கும் நல்லது' என்ற முதலிடமே இருக்காது. அப்போது சண்டை, யார் விட்டுக்கொடுப்பது என்பதில்தான்.