ஃப்ரீசருக்குச் சாகாத புழு

1/
ஃப்ரீசர்ல 45 நாள் உறைஞ்சு கிடந்த கறியில புழு உயிரோட இருக்குமா? "வாய்ப்பே இல்ல டாக்டர்"னு சொல்வீங்க. 2022-ல அமெரிக்காவுல ஒரு குடும்பமும் அப்படித்தான் நம்புச்சு. அவங்க கதை வழியா ட்ரைக்கினெல்லாங்கிற புழுவைப் பத்தி கொஞ்சம் விரிவா பேசலாம்.

2/
2022 மே மாசம், கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்துல ஒருத்தர் கருங்கரடியை வேட்டையாடினார். ஒட்டுண்ணி இருந்தா சாகட்டும்னு கறியை ஃப்ரீசர்ல வைக்கச் சொன்னாங்க, வச்சார். ஜூலையில தெற்கு டகோட்டாவுல குடும்ப விருந்து. கறியும் காய்கறியும் சேர்த்து கம்பியில கோர்த்து கபாப் சுட்டாங்க.

3/
கரடிக்கறி இயல்பிலேயே கருஞ்சிவப்பு. வெந்துச்சா இல்லையானு நிறத்தை வச்சு சொல்ல முடியல. சிலர் சாப்பிட ஆரம்பிச்ச பிறகுதான் உள்ளே வேகலைனு தெரிஞ்சது. உடனே திரும்ப நெருப்புல வச்சாங்க. ஆனா சிலர் வயித்துக்குள்ள அது ஏற்கனவே போயாச்சு.

4/
சில நாள் போச்சு. 29 வயது இளைஞர் ஒருத்தருக்கு காய்ச்சல், தாங்க முடியாத தசை வலி, கண்ணைச் சுற்றி வீக்கம். ரத்தத்துல ஈசினோஃபில்ங்கிற வெள்ளை அணு எகிறியிருந்தது. 17 நாளுக்குள்ள ரெண்டு தடவை அட்மிட் ஆனார். ரெண்டாவது தடவைதான் கரடிக்கறி விஷயம் மருத்துவர்களுக்குத் தெரிஞ்சு, சரியான ரத்தப் பரிசோதனை செஞ்சாங்க. விருந்துல கலந்துக்கிட்டவங்கள்ல மொத்தம் 6 பேருக்கு பாதிப்பு. அதுல 2 பேர் கறியைத் தொடவே இல்ல. அதே கம்பியில வெந்த காய்கறியை மட்டும்தான் சாப்பிட்டாங்க.

5/
உள்ளே என்ன நடந்தது? கறியின் தசை நாருக்குள்ள சின்ன உறைகள் இருக்கும். ஒவ்வொண்ணுக்குள்ளயும் சுருண்டு படுத்த ஒரு இளம்புழு. நம்ம இரைப்பை அமிலமும் நொதியும் கறியைச் செரிக்கும்போது அந்த உறையையும் கரைச்சிடும். அதாவது, புழுவுக்கு கதவைத் திறந்து விடுறதே நம்ம வயிறுதான்.

6/
வெளிய வந்த புழு சிறுகுடல் சுவருக்குள்ள நுழைஞ்சு, ஓரிரு நாள்ல வளர்ந்து இணை சேரும். ஒரு வாரம் வாக்குல பெண்புழு குஞ்சுகளை ஈன ஆரம்பிக்கும். முட்டை இல்ல, நேரடியா குஞ்சு. சில வாரங்கள்ல ஒரே புழு நூற்றுக்கணக்குல ஈனும். அவை ரத்தத்துல ஏறி உடம்பெல்லாம் சுத்தி, தசை தேடிப் போகும். உதரவிதானம், நாக்கு, தாடை, கண்ணை அசைக்கும் தசை மாதிரி ஓயாம வேலை செய்ற தசைகள்தான் அதுக்கு ரொம்பப் பிடிச்ச இடம். அந்த இளைஞரின் கண் வீக்கமும் தசை வலியும் இந்தக் கட்டத்தோட அடையாளம்.

7/
அடுத்து நடக்குறது எனக்கு இன்னைக்கும் வியப்புதான். புழு ஒரு தசை செல்லுக்குள்ள நுழைஞ்சு, அதைக் கொல்லாம, தனக்குச் சோறு போடுற தாதியா மாத்திடுது. அந்த செல் சுருங்கி விரியுற வேலையை மறந்துடும். சுத்தி உறை உருவாகும், சின்ன ரத்தக்குழாய் வலை கூட வளரும். சில வாரத்துல வீடு ரெடி. அதுல புழு வருஷக்கணக்கா உயிரோட இருக்கும். அந்தத் தசையை இன்னொரு விலங்கு தின்னாத்தான் அதுக்கு மறுபிறவி. மனுஷனை யாரும் தின்கிறதில்லை, அதனால நம்ம உடம்புல அதோட பயணம் முடிஞ்சிடும். ஆனா நம்ம தசையும், சில பேருக்கு இதயத் தசையும், பாதிக்கப்பட்டது பாதிக்கப்பட்டதுதான்.

8/
மருந்து இருக்கு, அல்பெண்டசோல். ஆனா அது நல்லா வேலை செய்றது புழு குடல்ல இருக்கிறப்பதான். தசையில வீடு கட்டின பிறகு அவ்வளவா எட்டாது. அதனாலதான் இந்த நோயைப் பொறுத்தவரை மருந்துக்கடையை விட அடுப்பு முக்கியம்னு சொல்றேன்.

9/
சரி, ஃப்ரீசர் ஏன் தோத்துச்சு? பன்றியில வழக்கமா இருக்கிற ட்ரைக்கினெல்லா ஸ்பைராலிஸ் குளிர் தாங்காது. மெல்லிய துண்டுகளா மைனஸ் 15 டிகிரியில 3 வாரம் வச்சா செத்துடும். வட துருவத்தை ஒட்டின பனிநாட்டு விலங்குகள்ல இருக்கிறது வேற இனம், பேரு நேட்டிவா. பனியிலேயே வாழ்ந்து பழகினது. மிச்சமிருந்த கரடிக்கறியை சோதிச்சப்ப, 110 நாளுக்கு மேல உறைஞ்ச பிறகும் புழு நெளிஞ்சுக்கிட்டு இருந்தது! உப்புக்கண்டம் போடுறது, புகை போடுறது, காய வைக்கிறது எல்லாமும் இப்படித்தான், நம்ப முடியாது.

10/
வெப்பத்துக்கு மட்டும் எந்த இனமும் தாங்காது. வேட்டைக்கறின்னா துண்டின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் தொடணும். நிறத்தைப் பார்க்காதீங்க, கறியில குத்துற தெர்மாமீட்டரைப் பாருங்க. நம்ம ஊர் பன்றிக்கறிக் குழம்பு, கூர்க் பண்டிக்கறி எல்லாம் கொதிக்கக் கொதிக்க நேரம் எடுத்து வேகுறது, அதுல இந்தப் பயம் வேண்டாம். ஆபத்து, தீயில வாட்டி வெளியே கருகி உள்ளே பச்சையா இருக்கிற துண்டுலதான். பச்சைக்கறி பட்ட தட்டும் கத்தியும் தனியா இருக்கட்டும்.

11/
"நான் நல்லாத்தானே சமைக்கிறேன், அப்புறம் கறிக்கு பரிசோதனை எதுக்கு?"னு கேட்கலாம். எதுக்குன்னா, அந்தக் குடும்பமும் நல்லா சமைக்கத்தான் நினைச்சாங்க. சமையல்ல ஒரு நாள் தவறும். அப்ப தாங்கிப் பிடிக்க இன்னொரு சுவர் வேணும். புழு உறை அரை மில்லிமீட்டர் கூட இருக்காது. எவ்வளவு அனுபவசாலி கசாப்புக்காரரும் கண்ணால கண்டுபிடிக்க முடியாது.

12/
ஐரோப்பாவுல என்ன செய்றாங்க தெரியுமா? அறுத்த பன்றியின் உதரவிதானத்துல இருந்து 1 கிராம் தசை. அப்படி 100 பன்றி வரைக்கும் ஒண்ணா சேர்த்து அரைச்சு, அமிலமும் பெப்சினும் கலந்த வெதுவெதுப்பான நீர்ல செரிக்க வைப்பாங்க. நம்ம இரைப்பை செய்ற அதே வேலையை ஒரு குடுவையில செய்றது! கறி கரையும், புழு கரையாது, அடியில தங்கும். நுண்ணோக்கியில ஒண்ணு தெரிஞ்சாலும் அது எந்தப் பன்றினு தேடிப் பிடிச்சு ஒதுக்கிடுவாங்க.

13/
இது சும்மா வந்த சட்டம் இல்ல. 1865-ல ஜெர்மனியின் ஹெடர்ஸ்லேபன் ஊர்ல பச்சைப் பன்றிக்கறியால 300-க்கும் மேற்பட்டவங்களுக்கு நோய், சுமார் 100 பேர் இறந்துட்டாங்க. ருடால்ஃப் விர்ஷோ மாதிரி மருத்துவர்கள் விடாம வற்புறுத்தித்தான் கறிப் பரிசோதனை வந்துச்சு.

14/
"வேட்டைக்கறி கலப்படமில்லாதது, சுத்தமானது"னு பேசுறதை நான் ஏத்துக்க மாட்டேன். காட்டுப்பன்றியும் கரடியும் செத்ததையும் தின்னும், எலியையும் தின்னும். புழு சுத்துற பாதையே அதுதான். மேல, பல இடங்கள்ல அந்தக் கறி எந்தப் பரிசோதனை மேஜைக்கும் போறதில்ல. ரெண்டு சுவர்ல ஒண்ணு ஏற்கனவே இல்லைனு அர்த்தம். உத்தராகண்ட் மலைக்கிராமத்துல சரியா வேகாத பன்றிக்கறி விருந்துக்குப் பிறகு இதே நோய் பரவினது மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. நம்ம நாட்டுல பல இடங்கள்ல பன்றி அறுக்குறது அறுவைக்கூடத்துக்கு வெளியதான். அதை உள்ளே கொண்டு வரணும்னு கேட்கிறது கறி சாப்பிடுறவங்களுக்கு எதிரான பேச்சு இல்ல, அவங்களுக்கான பேச்சு.

15/
கடைசியா ஒண்ணு. கறி விருந்துக்கு 1 முதல் 4 வாரத்துக்குள்ள காய்ச்சல், தசை வலி, கண் வீக்கம் சேர்ந்து வந்தா, என்ன கறி, எங்க வாங்கினது, எப்படி வெந்ததுன்னு டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. அவர் கேட்கிற வரைக்கும் காத்திருக்காதீங்க. சந்தேகத்தை நீங்க கிளப்பினாத்தான், புழு தசையில வீடு கட்டி முடிக்கிறதுக்கு முன்னாடி மருந்து போய்ச் சேரும்.