கோரிக்கை மனு: ஓட்டம் குறைந்த நேரத்தில் தயிரும் கிளினிக் மருந்தும் ஏற்றிச் செல்ல ஒழுங்கு கோருதல்

அனுப்புநர்: முச்சக்கரவண்டிச் சாரதிகள் சங்கம், பழுகாமம்.
பெறுநர்: பிரதேச செயலாளர், போரதீவுப்பற்று, வெல்லாவெளி.
பிரதி: தவிசாளர், போரதீவுப்பற்று பிரதேச சபை, வைத்திய அத்தியட்சகர், ஆதார வைத்தியசாலை, களுவாஞ்சிகுடி.

மதிப்புக்குரிய ஐயா/அம்மணி,

காலை ஏழரைக்குப் பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டால், பகல் ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும்வரை எங்கள் தரிப்பிடத்தில் ஹயர் மிகக் குறைவு. அறுவடைக் காலம் மட்டுமே விதிவிலக்கு. இந்த இடைவேளையைப் பயன்படுத்தவே இம்மனு.

படுவான்கரையில் எருமைத் தயிர் உண்டு. அதை வாங்கும் கடைகள் பட்டிருப்புப் பாலத்துக்கு அப்பால் இருக்கின்றன. பழுகாமத்திலிருந்து களுவாஞ்சிகுடிக்குப் போய்வர ஒரு லீற்றர் பெற்றோல் போதும். லீற்றர் 300 ரூபா என்றே வைப்போம். இருபது சட்டி தயிருக்குச் சட்டிக்கு 25 ரூபா வீதம் 500 ரூபா கிடைக்கும். பெற்றோல் போக 200 ரூபா மிஞ்சும். ஒயிலுக்கும் ரயருக்கும் ஒதுக்கினால் அதுவும் கரைந்துவிடும். திரும்பும் வண்டி வெறுமையாக வருவதே இதற்குக் காரணம்.

திரும்பும்போது கிளினிக் மருந்து கொண்டுவரலாம். நீரிழிவுக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் ஒரே மருந்தை எடுக்கும் முதியவர்கள் அதற்காகவே பாலம் தாண்டுகிறார்கள். 2020 கொரோனா முடக்கத்தில் தபால் திணைக்களம் கிளினிக் மருந்துகளை வீடுகளுக்குக் கொண்டுசென்றது; ஆகவே இது புதிய வழக்கமல்ல. ஐந்து பேருக்கு ஆளுக்கு 100 ரூபா வாங்கினாலும் அவர்களுக்குத் தனி ஹயரைவிட அது மலிவு. எங்களுக்கோ அந்த ஓட்டத்தில் மொத்தம் 700 ரூபா மிஞ்சும்.

எங்கள் பக்கத்துக் கட்டுப்பாடுகளையும் சொல்கிறோம். சட்டிகளை வைக்கோல் பரப்பி ஒரே அடுக்காகவே வைப்போம். அடுக்கின்மேல் அடுக்கு வைத்தால் பாலத்து ஏற்ற இறக்கத்தில் உடையும். வெயில் ஏறினால் தயிர் புளிக்கும், எனவே ஒன்பது மணிக்கு முன் ஏற்றிவிடுவோம். பள்ளிப் பிள்ளைகள் ஏறும் வண்டியில் மீன் ஏற்றமாட்டோம். தண்ணீர் வடிந்து வாடை பிடித்தால் பிள்ளைகளுக்குத்தான் கஷ்டம். இன்சுலினைக் குளிர்ப்பெட்டி இல்லாமல் பொறுப்பேற்கமாட்டோம். வைத்தியர் நேரில் பார்க்க வேண்டிய மாதத்தில் நோயாளியையே அழைத்துச் செல்வோம்.

ஆகவே வேண்டுவது:

1. நோயாளியின் கையொப்பமிட்ட கடிதத்தையும் கிளினிக் கொப்பியையும் காட்டும் சாரதியிடம் மருந்து கொடுக்கலாமா, கொடுக்கலாமெனில் எந்த நேரத்தில் என்பதை வைத்தியசாலையுடன் பேசி எழுத்தில் தர வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம் இதுவே.

2. களுவாஞ்சிகுடிச் சந்தைக்கு அருகே சரக்கிறக்க அரைமணி நேரம் வண்டி நிறுத்த, அப்பகுதிப் பிரதேச சபையுடன் பேச வேண்டும். அங்குள்ள தரிப்பிடத்தாரின் ஆட்களை நாங்கள் ஏற்றமாட்டோம் என எழுதித் தரத் தயார்.

3. பயணிகள் இல்லாத நேரத்தில் பயணிகள் வண்டியில் எவ்வளவு பொருள் ஏற்றலாம் என்பதைப் பொலிஸாரிடமும் மாகாணப் போக்குவரத்து அதிகார சபையிடமும் கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டும். தண்டப்பணம் ஒருமுறை வந்தால் பல நாள் வருமானம் போய்விடும்.

முதலில் ஒரு மாதம் சில வண்டிகளோடு பரீட்சித்துப் பார்க்க அனுமதி தாருங்கள். கணக்கைத் தங்கள் அலுவலகத்தில் ஒப்படைப்போம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர்
சங்க உறுப்பினர்கள் சார்பில்