லிங்க்ட்இன் கட்டணம் யாருக்குப் பயன்?

லிங்க்ட்இன் தளத்தின் கட்டணச் சேவையை வாங்கலாமா என்று கேட்போருக்கு, ‘அது உங்கள் தேவையைப் பொறுத்தது’ என்று விடையளிப்பது வழக்கமாகிவிட்டது. அது விடையன்று, நழுவல். விற்பனையாளர் வாங்கலாம்; வேலை தேடுபவர் வாங்க வேண்டியதில்லை.

புணேயில் ஊதியக் கணக்கு மென்பொருள் விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குரியது சேல்ஸ் நேவிகேட்டர் என்னும் சேவை. 201 முதல் 500 பேர் வரை பணிபுரியும் நிறுவனங்கள், புணே வட்டாரம், மனிதவளத் துறைத் தலைமை, கடந்த 90 நாட்களில் பணி மாறியவர் என நான்கு வடிகட்டிகளை அவர் இடுகிறார். கடைசி வடிகட்டிதான் இதன் உயிர். புதிதாகப் பொறுப்பேற்றவரே பழைய ஒப்பந்தங்களைப் புரட்டிப் பார்ப்பார். தொடர்பில் இல்லாதவர்க்கும் செய்தி அனுப்ப உதவும் இன்மெயில் மாதம் 50 கிடைக்கிறது. அவற்றில் 48 வீணாகி, இரண்டு பேர் பேச முன்வந்தாலே அவருக்கு ஆதாயம். கட்டணமும் பெரும்பாலும் அவருடைய நிறுவனத்தின் பையிலிருந்தே போகிறது.

வேலை தேடுபவர் தம் பையிலிருந்து கொடுக்கிறார், அதுவும் வருமானம் நின்றுபோன மாதத்தில். பிரீமியம் கெரியர் அவருக்கு என்ன தருகிறது? விண்ணப்பம் போகும் வழியைப் பின்தொடர்ந்தால் விளங்கும். விண்ணப்பம் நிறுவனத்தின் மென்பொருளுக்குள் விழுகிறது. அங்கே அனுபவ ஆண்டுகள், ஊர், பணியிலிருந்து விடுபடும் கால அவகாசம் ஆகியவற்றைக் கொண்டு தேர்வாளர் சலிக்கிறார். இந்தச் சலிப்பில் கட்டணம் எதையும் மாற்றுவதில்லை. மாதம் 5 இன்மெயில் உண்டு என்பார்கள். முன்னாள் சகா ஒருவரிடம் பரிந்துரை கேட்க அதுவும் தேவையில்லை. அது இலவசம், வலிமையும் மிகுதி. வேலை தேடுவதைத் தேர்வாளர்களுக்கு மட்டும் தெரிவிக்கும் வசதிக்கும் காசு கிடையாது.

மிகுதியாகப் புகழப்படுவது ஒப்பீடு: மற்ற விண்ணப்பதாரர்களுக்கு நடுவே ஒருவர் எங்கே நிற்கிறார் என்ற கணக்கு. நிறுவனத்தின் சொந்தத் தளத்துக்கு அனுப்பிவிடும் விளம்பரங்களில், பொத்தானை அழுத்தியோரைத்தான் லிங்க்ட்இன் அறியும். அவர்களில் எத்தனை பேர் படிவத்தை முடித்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. நௌக்ரி வழியாக வந்தோரும் ஊழியர் பரிந்துரையில் வந்தோரும் அக்கணக்கில் இல்லவே இல்லை. தம் பக்கத்தைப் பார்த்தோர் பட்டியலோ பதற்றத்துக்குத் தீனி. பார்த்தவர் அழைக்க விரும்பினால் அழைத்திருப்பார்.

ஒரு விலக்கு மட்டும் சொல்லலாம். துறை மாறுபவர்க்குப் புதிய துறையில் பரிந்துரைக்க ஆளிருக்காது. எழுத வேண்டிய ஐந்து மேலாளர்களின் பெயர்களை அவர் முதலில் தாளில் குறித்துக்கொண்டு, அதன் பிறகே இலவசச் சோதனை மாதத்தைத் தொடங்கட்டும். தானாகப் பணம் பிடிக்கப்படும் நாளுக்கு முன்பே சந்தாவை நீக்கிவிடட்டும்.