விகிதம் உயர்ந்தால் போதுமா?

மூணாறிலும் நெல்லியாம்பதியிலும் தேயிலைத் தோட்டங்களை நடத்தும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒவ்வொரு தோட்டமும் ஒரு பிரிவு. அதற்கு ஒரு மேலாளர். அவரது திறனை எதைக் கொண்டு அளப்பது?

மூணாற்றுப் பிரிவின் முதலீடு 10 கோடி ரூபாய். ஆண்டு இலாபம் 2 கோடி. முதலீட்டின் மீதான வருவாய் 20 சதவீதம். 2 கோடியில் புதிய உலர்த்தும் இயந்திரம் வாங்கினால் இலாபம் 30 இலட்சம் கூடும். அது 15 சதவீதம். நிறுவனத்தின் மூலதனச் செலவோ 12 சதவீதமே. எனவே இயந்திரத்தால் நிறுவனத்துக்கு நன்மை. ஆயினும் பிரிவின் விகிதம் 19.2 ஆக இறங்கிவிடும். விகிதத்தைப் பார்த்து ஊக்கத்தொகை வழங்கினால், மேலாளர் அதை வாங்கத் தயங்குவார்.

இலாபத்திலிருந்து மூலதனச் செலவைக் கழித்தால் கிடைப்பது எஞ்சிய வருமானம். இயந்திரத்துக்கு முன் அது 80 இலட்சம். பின்னர் 86 இலட்சம். இங்கே மேலாளரின் நலனும் நிறுவனத்தின் நலனும் ஒன்றுபடுகின்றன.

எனினும் இவ்வளவும் குறையற்றதன்று. பெரிய தோட்டத்துக்கு எஞ்சிய வருமானம் இயல்பாகவே பெரிதாக அமையும்; நெல்லியாம்பதியின் சிறு தோட்டத்தை அதனோடு ஒப்பிடல் தகாது. முதிர்ந்த செடிகளைப் பிடுங்கி மறுநடவு செய்தால், இலை பறிக்கும் பருவம் வரும்வரை இரு அளவுகளும் தாழும்.

ஆகவே, தோட்டங்களைத் தம்முள் ஒப்பிடாது, ஒவ்வொரு தோட்டத்தின் எஞ்சிய வருமானத்தையும் அதன் முந்தைய ஆண்டோடு ஒப்பிட வேண்டும். மறுநடவு நிலத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்பதே நம் கருத்து.