தாளில் உள்ளது உள்ளபடி

வாட்ஸ்அப்பில் ஒரு படம் வருகிறது. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்த ரத்தப் பரிசோதனைத் தாள். டியூப் லைட்டுக்குக் கீழே வைத்து எடுத்ததால் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு. “டாக்டர் பார்க்கணுமாம், டைப் பண்ணி ஏத்திடுங்க” என்று கூடவே ஒரு வரி. மருத்துவ ஆவணப் பிரிவில் இருக்கும் எவருக்கும் இது புதிதல்ல. பரிசோதனையின் பெயர், மதிப்பு, அலகு, ரெஃபரன்ஸ் ரேஞ்ச் என நான்கு கட்டம் போட்டு நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

இந்த நான்கு கட்டத்தில் நேரும் பிழைகளை அசதியின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. பல பிழைகள் கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் கையிலிருந்துதான் வருகின்றன. மங்கிய எண்ணை அவர் ஊகிப்பார், அலகை மாற்றித் தருவார், விடுபட்ட வரம்பை நினைவிலிருந்து நிரப்புவார். நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் இவை ஒவ்வொன்றும் தாளில் இல்லாத ஒன்றைத் தாளின் பெயரால் சொல்வது.

உதாரணத்துக்கு, ஒரு முழு ரத்த எண்ணிக்கைத் தாளில் இப்படி ஐந்து வரிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

```
Haemoglobin    | 11.4 | g/dL       | 12.0 - 15.0
Platelet Count | 2.14 | lakhs/cumm | 1.5 - 4.5
Neutrophils    | 62   | %          | 40 - 80
Lymphocytes    | 2?   | %          | 20 - 40
Eosinophils    | 5    | %          | 1 - 6
```

பிளேட்லெட் வரியைப் பாருங்கள். நம் ஊர் ஆய்வகங்கள் பலவும் லட்சக் கணக்கில்தான் அச்சடிக்கின்றன. ஆனால் ஆவண மென்பொருளில் அந்தக் கட்டத்தின் அலகு 10³/µL என்று முன்பே பதிந்திருக்கக்கூடும். அலகைக் கவனிக்காமல் 2.14 என்று அடித்தால், 2 லட்சத்து 14 ஆயிரம் இருக்கும் நோயாளிக்கு 2,140 என்று பதிவாகிவிடும். திரையைப் பார்க்கும் மருத்துவருக்கு அது உடனே ரத்தக்கசிவு பயத்தைத் தரும் எண். விவரம் தெரிந்தவர் 214 என்று மாற்றி அடிப்பார். மாற்றிய கணக்கு சரி. ஆனால் பக்கத்தில் 1.5 - 4.5 என்ற பழைய வரம்பு அப்படியே நின்றால், 214 எல்லை தாண்டிப்போனதாகத் தெரியும். மதிப்பும் அலகும் வரம்பும் ஒரே நூலில் கோத்தவை. ஒன்றை மட்டும் உருவ முடியாது. அதனால் மூன்றையும் அச்சில் இருப்பதுபோலவே எடுத்து வைப்பதுதான் பாதுகாப்பான வழி. மென்பொருள் அந்த அலகை ஏற்காவிட்டால், அந்தக் கட்டத்தில் எதையும் அடிக்காமல், அலகை எழுத்தாகவே ஏற்கும் இடத்தில் பதிய வேண்டும்.

அலகோடு ஒட்டிய சின்ன எழுத்துகளும் அலகின் பகுதியே. டி-டைமர் முடிவில் FEU என்றோ DDU என்றோ மூன்று எழுத்து இருக்கும். FEU-வில் 500 என்பது DDU-வில் ஏறத்தாழ 250. இரண்டும் ng/mL தான் என்று அந்த மூன்று எழுத்தை விட்டுவிட்டால், அடுத்த ஆய்வகத்தின் முடிவோடு ஒப்பிடும்போது அளவு இரட்டிப்பானதுபோலவோ பாதியானதுபோலவோ தோன்றும். தைராய்டு முடிவில் வரும் µIU/mL, மங்கலான படத்தில் mIU/mL போலத் தெரியும். வித்தியாசம் ஆயிரம் மடங்கு. “<0.01” என்பதில் முன்னால் நிற்கும் குறியும் மதிப்பைச் சேர்ந்ததுதான். அது விழுந்தால், கருவியின் அளவிடும் எல்லைக்குக் கீழே என்ற செய்தி, துல்லியமாக அளந்த ஓர் எண்ணாக மாறிவிடும்.

12.0 என்று இருப்பதை 12 என்று சுருக்குவதும் வேண்டாம். மருந்தின் அளவை எழுதும்போது புள்ளிக்குப் பின்னால் பூஜ்யம் போடக்கூடாது என்ற விதியை எல்லோரும் படித்திருப்போம். அந்த விதியை வகுத்த அமெரிக்க ஜாயின்ட் கமிஷனே ஆய்வக முடிவுகளுக்கு அதில் விலக்கு தந்திருக்கிறது. அளவீடு எவ்வளவு துல்லியம் என்பதை அந்தப் பூஜ்யம் காட்டுகிறது.

இனி அந்த வெள்ளைத் திட்டு. லிம்ஃபோசைட் வரியில் முதல் இலக்கம் 2 என்று தெரிகிறது, அடுத்தது ஒளியில் கரைந்துவிட்டது. 20 போலவும் இருக்கிறது, 29 போலவும் இருக்கிறது. வெள்ளணுக்களின் ஐந்து வகைகளும் சேர்ந்தால் நூறு வரவேண்டும். நியூட்ரோஃபில் 62, ஈயோசினோஃபில் 5, அடுத்த வரிகளில் மோனோசைட் 4, பேசோஃபில் 0. கூட்டினால் 71. மீதி 29. அப்படியானால் 29 என்று எழுதிவிடலாமே என்று கை துடிக்கும்.

எழுதக்கூடாது. இந்தக் கூட்டல், 20 என்று படித்திருந்தால் அது தவறு என்று காட்டிக்கொடுக்கும் கருவி. எண்ணை உண்டாக்கும் கருவியல்ல. ஆய்வகத்திலேயே ஒரு வகையைத் தவறாக அச்சடித்திருந்தால் கூட்டுத்தொகை நூறு வந்திருக்காது. நாமே நூறாக்கிவிட்டால் அந்தப் பிழை கண்ணிலிருந்து மறைந்துபோகும். அந்தக் கட்டத்தில் “படிக்க இயலவில்லை” என்று எழுதிவிட்டு, வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்து மறுபடி படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். இரண்டு நிமிட வேலை. மொத்த பிலிரூபினும் அதன் இரு பகுதிகளும், மொத்தப் புரதமும் ஆல்புமின், குளோபுலினும் இதே வகையில் சரிபார்க்கக் கைகொடுக்கும். வரிசை நழுவியிருக்கிறதா என்பதையும் இவை காட்டும். பெயருக்குக் கீழே சோதனை முறையைச் சின்ன எழுத்தில் அச்சடித்த தாளைச் சாய்வாகப் படமெடுத்தால், ஒரு வரியின் மதிப்பு அடுத்த பெயருக்குப் போய்விடுவது மிகச் சாதாரணம்.

வரம்புக் கட்டத்தில் சபலம் வேறு மாதிரி. டிஎஸ்ஹெச் முடிவுக்கு எதிரே பெரியவர்களுக்கு ஒன்று, கர்ப்பத்தின் மூன்று பருவங்களுக்கும் தனித்தனியே ஒவ்வொன்று என நான்கு வரம்புகள் இருக்கலாம். தாளின் தலைப்பில் 27 வயதுப் பெண் என்று பார்த்ததும், முதல் வரம்பை மட்டும் எடுத்துக்கொள்ளத் தோன்றும். அவர் கர்ப்பிணியா என்று தாள் சொல்லவில்லை. எந்த வரம்பு அவருக்குப் பொருந்தும் என்று தேர்ந்தெடுப்பதே ஒரு மருத்துவ முடிவு, அது தட்டச்சு செய்பவரின் வேலையல்ல. நான்கையும் அப்படியே எழுதுங்கள், கட்டம் உயரமானால் ஆகட்டும். வரம்பே அச்சிடப்படவில்லையா? “அச்சில் இல்லை” என்று எழுதுங்கள். பாடப்புத்தகத்திலிருந்தோ வேறு ஆய்வகத்தின் தாளிலிருந்தோ கொண்டுவந்து ஒட்ட வேண்டாம். வரம்பு கருவிக்கும் சோதனை முறைக்கும் ஏற்ப மாறுவது.

ஹீமோகுளோபின் 11.4 என்பது அச்சிட்ட வரம்புக்குக் கீழே இருப்பது யாருக்கும் தெரியும். பக்கத்தில் “குறைவு” என்று சிவப்பில் எழுதுவதில் என்ன தவறு என்று கேட்கலாம். ரெஃபரன்ஸ் ரேஞ்ச் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் நடுவே வரும் 95 சதவீதத்தினரின் அளவைக் கொண்டு வகுத்தது. ஆகவே ஆரோக்கியமானவர்களிலேயே இருபதில் ஒருவர் அதற்கு வெளியே நிற்பார். எட்டு மாதக் கர்ப்பிணிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் அதே 11.4 வேறு வேறு பொருள் தரும். அதோடு, நாம் எழுதிய “குறைவு” என்ற சொல்லை ஆய்வகம் சொன்னதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். ஆய்வகமே H, L என்றோ நட்சத்திரக் குறியோ போட்டிருந்தால் அது தாளின் பகுதி. அதைத் தனியாக, “அச்சிட்ட குறி” என்ற தலைப்பில் பெயர்த்து எழுதலாம். நாமாக ஒரு குறியும் சேர்க்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அட்டவணை முடிந்ததும் இன்னொருவர் படத்தைப் பார்த்து உரக்கப் படிக்க, தட்டச்சு செய்தவர் திரையில் சரிபார்க்கட்டும். நோயாளியின் பெயர், மாதிரி எடுத்த தேதி, ஆய்வகத்தின் பெயர் மூன்றும் அட்டவணைக்கு மேலே இருக்கட்டும். மூலப் படத்தை அழித்துவிடாமல் அட்டவணையோடு சேர்த்தே ஆவணத்தில் வையுங்கள்.